வானத்தின் குறுக்கே ஓடும் கம்பி: எங்கே குளோன், எங்கே ஹீலிங்

"கோபுரத்தைச் சாயங்காலம் எடுத்த படம். கோபுரத்திலிருந்து வலப்பக்க விளக்குக் கம்பம் வரை ஒரு கரண்ட் கம்பி வானத்தின் குறுக்கே போகிறது. குளோன் ஸ்டாம்பில் அழித்தால் கம்பி இருந்த இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஹீலிங் பிரஷ்ஷில் அழித்தால் நடுவில் அழகாகப் போய்விடுகிறது, ஆனால் கோபுரத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒழுகுகிறது. இரண்டில் எதைப் பயன்படுத்துவது? போட்டோஷாப் வைத்திருக்கிறேன்."

இரண்டும் வேண்டும். கம்பியின் இரண்டு முனைகளுக்கும் குளோன், நடுப்பகுதி முழுவதற்கும் ஹீலிங். வரிசையும் அதுதான்: முதலில் முனைகள், பிறகு நடு. வரிசையை மாற்றினால் நீங்கள் சொன்ன கறுப்பு ஒழுகல் திரும்ப வரும். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் வேறு படங்களிலும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குளோன் ஸ்டாம்ப் செய்வது வெறும் நகல். Alt அழுத்திக் கிளிக் செய்த இடத்தில் இருக்கும் பிக்சல்களை அப்படியே கொண்டுவந்து பிரஷ் போகும் இடத்தில் வைக்கும். வைக்கும் இடத்தைச் சுற்றி என்ன நிறம் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஹீலிங் பிரஷ் 2002இல் போட்டோஷாப் 7 உடன் வந்தது. அது எடுத்த இடத்திலிருந்து பொடிப்பொடியான நாய்ஸையும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்கள் இழுத்த பட்டையின் விளிம்பைச் சுற்றியுள்ள பிக்சல்களிலிருந்து வாங்கி, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சீராக நிரவிவிடுகிறது. பழைய பதிப்புகளில் மவுஸை விட்ட பிறகுதான் இந்தக் கணக்கு நடந்தது. இழுக்கும்போது தற்காலிகமாக ஒரு நகல் தெரிந்து, விட்டதும் நிறம் மாறி உட்காரும். CC 2015 முதல் இழுக்கும்போதே நிறம் மாறுவது தெரிகிறது.

ஆக குளோனைப் பொறுத்தவரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் எல்லாம். ஹீலிங்கைப் பொறுத்தவரை நாம் இழுக்கும் பட்டையின் விளிம்பு எதன்மேல் விழுகிறது என்பதுதான் எல்லாம். உங்கள் இரண்டு பிரச்சினைகளும் இந்த இரண்டில்தான் இருக்கின்றன.

முதலில் குளோனில் வரும் பட்டை. சாயங்கால வானம் கண்ணுக்கு ஒரே நிறம் போலத் தெரிந்தாலும் மேலிருந்து கீழே நிறம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு படத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். வானத்தின் உயரம் 2400 பிக்சல். மேல் ஓரத்தில் நிறம் சிவப்பு 62, பச்சை 92, நீலம் 140. கீழே அடிவானத்தில் சிவப்பு 214, பச்சை 160, நீலம் 120. அதாவது ஒவ்வொரு 100 பிக்சல் கீழே வரும்போதும் சிவப்பு சுமார் 6 கூடுகிறது, பச்சை சுமார் 3 கூடுகிறது, நீலம் கிட்டத்தட்ட 1 குறைகிறது. இப்போது கம்பிக்கு 150 பிக்சல் மேலே Alt கிளிக் செய்து, அதைக் கொண்டுவந்து கம்பியின்மேல் வைக்கிறீர்கள். வைத்த பட்டையில் சிவப்பு 9 குறைவு, பச்சை 4 குறைவு, நீலம் 1 அதிகம். சுற்றியுள்ள ஆரஞ்சு வானத்தில் அது கொஞ்சம் இருட்டான, கொஞ்சம் நீலம் பாய்ந்த கோடாக நிற்கும். நீங்கள் பார்க்கும் பட்டை இதுதான். மேகமோ மரமோ இருந்தால் 9 அளவு வித்தியாசத்தைக் கண் கவனிக்காது. வெறும் வானத்தில் கண்ணுக்கு வேறு வேலையே இல்லை என்பதால் அது உடனே பிடிபடும்.

அதே இடத்தில் 25 பிக்சல் தள்ளி மட்டும் எடுத்திருந்தால் சிவப்பில் வித்தியாசம் ஒன்றரைதான். பச்சையில் ஒன்றுகூட இல்லை. அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. குளோனின் தவறு என்பது வானத்தின் நிறம் மாறும் வேகத்தை, எடுத்த தூரத்தால் பெருக்கினால் வருவது. வேகத்தை நம்மால் மாற்ற முடியாது, தூரத்தைக் குறைக்கலாம். "பக்கத்திலிருந்தே எடுக்காதே, ஒரே மாதிரி இரண்டு தடவை தெரியும்" என்ற அறிவுரை புல்லுக்கும் சுவருக்கும் பொருந்தும். மேகமில்லாத வானத்துக்கு அது நேர் எதிரானது. இங்கே திரும்பத் திரும்ப வருவதற்கு உருவம் எதுவும் இல்லை.

தூரத்தைக் குறைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நிறம் மேலிருந்து கீழாக ஓடுகிறது என்றால், பக்கவாட்டில் அது மாறுவதே இல்லை அல்லவா? அப்படியானால் மேலே, கீழே எடுக்காமல் அதே உயரத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ எடுத்தால் நிறம் சரியாகவே பொருந்த வேண்டும். பொருந்தும்தான். ஆனால் கம்பி கிடைமட்டமாக ஓடினால், பக்கவாட்டில் போனாலும் அங்கேயும் கம்பிதான் இருக்கும். கம்பி சாய்வாக ஓடும் இடத்தில்தான் இந்த வழி திறக்கிறது. 20 டிகிரி சாய்வில் போகும் கம்பியிலிருந்து 60 பிக்சல் கிடைமட்டமாக விலகினால், கம்பியிலிருந்து செங்குத்தாக 20 பிக்சல் விலகிவிட்டோம் என்று அர்த்தம். 7 பிக்சல் தடிமனுள்ள கம்பிக்கு அது போதுமான இடைவெளி. நிறத் தவறு ஏறக்குறைய பூஜ்ஜியம்.

இங்கே கம்பியின் இயல்பே நமக்கு உதவுகிறது. இரண்டு முனையில் கட்டித் தொங்கும் கம்பி நடுவில் தொய்ந்து, முனைகளை நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறும். ஆகவே குளோனுக்கு வேண்டிய சாய்வு முனைகளில் கிடைக்கிறது. குளோன் திண்டாடும் கிடைமட்டப் பகுதி நடுவில் இருக்கிறது, அங்கே ஹீலிங்குக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு முனை மிக உயரத்திலும் மறு முனை தாழ்வாகவும் இருந்தால் தொய்வின் அடிப்புள்ளி தாழ்ந்த முனையின் பக்கம் நகர்ந்திருக்கும். அந்த முனையில் பக்கவாட்டு வழி எடுபடாது, மிக நெருக்கமாக மேலிருந்தோ கீழிருந்தோதான் எடுக்க வேண்டும்.

பக்கவாட்டில் நிறம் மாறாது என்று சொன்னதிலும் ஒரு திருத்தம் தேவை. லென்ஸ் படத்தின் மூலைகளை இருட்டாக்கும். அதனால் மூலைப் பக்கம் ஒரே நிறம் ஓடும் திசை கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்திருக்கும். கம்பத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இன்னொரு விஷயம். அதைச் சுற்றியுள்ள ஒளி வட்டம் வட்டமாக விரிகிறது, அங்கே ஒரே வெளிச்சம் உள்ள கோடு என்பது விளக்கை மையமாகக் கொண்ட வளையம். விளக்கிலிருந்து கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில், வளையத்தின் வழியாகச் சற்று நகர்ந்து எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கண்ணை நம்பாமல் Info பேனலைத் திறந்து எண்ணைப் பாருங்கள். அதற்கு முன் ஐடிராப்பர் கருவியின் Sample Size அமைப்பை 11 by 11 Average என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிக்சலைப் படித்தால் நாய்ஸினால் எண் இங்கும் அங்கும் குதிக்கும், எதுவும் புரியாது.

குளோனில் இன்னொரு தடயமும் விழும். பலர் வானத்துக்கு மிக மென்மையான பிரஷ் எடுப்பார்கள், Hardness பூஜ்ஜியத்தில். நிறம் சரியாகப் பொருந்தினாலும் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பி இருந்த வழியில் இரண்டு வழவழப்பான கோடுகள் தெரியும். மென்மையான விளிம்பில் பழைய பிக்சலும் புதிய பிக்சலும் பாதிப் பாதியாகக் கலக்கின்றன. தொடர்பில்லாத இரண்டு நாய்ஸைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிடும். சுற்றிலும் பொடி மணலாக இருக்கும் வானத்தில் அந்த இடம் மட்டும் மெழுகு போல நிற்கும். Opacity-ஐ 50க்குக் குறைத்து நாலைந்து தடவை தடவுவதும் இதே விளைவைத்தான் தரும், கூடவே கம்பியின் நிழலும் மிச்சமிருக்கும். ஆகவே குளோனுக்கு Opacity 100, Hardness 50 முதல் 70 வரை. விளிம்பில் ஒரு சில பிக்சல் மட்டும் கலந்தால் போதும்.

இனி ஹீலிங். இங்கே நிறச் சரிவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். பட்டையின் மேல் விளிம்பு ஒரு நிறம், கீழ் விளிம்பு சற்று வேறு நிறம், நடுவில் இரண்டுக்கும் இடையே சீரான ஓட்டம். வானத்துக்கு வேண்டியதும் இதுதான். ஆனால் விளிம்பு சுத்தமாக இருந்தால்தான் இது நடக்கும்.

விளிம்பு சுத்தமாக இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கம்பி அல்ல, கம்பியைச் சுற்றியுள்ள ஹேலோ. கேமராவோ ரா கன்வெர்ட்டரோ ஷார்ப் செய்யும்போது கறுத்த கம்பியின் இருபக்கமும் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு வெளுத்த கோடு ஒன்றை உண்டாக்கும். லென்ஸின் நிறப் பிசிறு ஊதா, பச்சை ஓரத்தைச் சேர்க்கும். ஜேபெக் ஆக இருந்தால் கம்பியைச் சுற்றி 8க்கு 8 பிக்சல் கட்டங்களில் சின்னச் சின்ன அழுக்கும் இருக்கும். கம்பி 7 பிக்சல் என்று நினைத்து 9 பிக்சல் பிரஷ் எடுத்தால், பட்டையின் விளிம்பு சரியாக அந்த வெளுத்த ஹேலோவின் மேல் விழும். ஹீலிங் அந்த வெளுப்பை வானத்தின் நிறம் என்று நம்பி உள்ளே முழுக்க நிரப்பிவிடும். கறுப்புக் கம்பி போய் வெள்ளைக் கம்பி வந்துவிட்டது என்று சிலர் சொல்வது இதைத்தான். கருவி மேல் குற்றமில்லை. பிரஷ் கம்பியின் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். 7 பிக்சல் கம்பிக்கு 20, 22 பிக்சல் பிரஷ். வெறும் வானத்தில் பட்டை அகலமாவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஹீலிங் பிரஷ்ஷின் Hardness-ஐ அதிகமாகவே வையுங்கள், 90 அல்லது 100. நிரவும் வேலையைக் கருவி தானே செய்கிறது. நாம் வேறு விளிம்பை மென்மையாக்கினால் அந்த மென்மையான பகுதியில் பழைய ஹேலோ பாதி மிச்சமாகும். Diffusion என்ற ஸ்லைடர் 1 முதல் 7 வரை இருக்கும். வழவழப்பான வானத்துக்கு 5க்கு மேல், அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த நாய்ஸ் நிறைந்த வானத்துக்கு 3, 4 என்று குறையுங்கள்.

இழுக்கும் விதத்திலும் இரண்டு கருவிகளுக்கும் வேறுபாடு இருக்கிறது. ஹீலிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஒரு விளிம்பு, தனியாக ஒரு கணக்கு. அதுவும் முன்னால் வைத்த புள்ளியின் மேலும், இன்னும் அழிக்காத கம்பியின் மேலும் அந்த விளிம்பு விழும். முடிவில் சுவரில் அங்கங்கே மட்டும் பெயிண்ட் தொட்டுவைத்தது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். நீளமான ஒரே இழுப்பில் போனால் பட்டையின் இரண்டு நீண்ட பக்கங்களும் சுத்த வானத்தில் இருக்கும், கணக்கும் ஒரே தடவையில் முடியும். கை நடுங்கும் என்றால் ஒரு முனையில் கிளிக் செய்து, Shift அழுத்தியபடி அடுத்த இடத்தில் கிளிக் செய்தால் இடையில் நேர்கோடாகப் பட்டை விழும். தொய்ந்த கம்பிக்கு ஒரே நேர்கோடு பொருந்தாது. கம்பி பிரஷ்ஷின் நடுவிலேயே இருக்கும்படி 300, 400 பிக்சல் துண்டுகளாக Shift கிளிக் செய்துகொண்டே போங்கள். வளைவு அதிகமான இடத்தில் துண்டைச் சிறிதாக்குங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கமும் முந்தைய துண்டின்மேல் ஏறி உட்காரட்டும். துண்டின் முனை இன்னும் அழிக்காத கம்பியின்மேல் விழுவதால் இணைப்புகளில் லேசாகக் கறுப்பு நிற்கலாம், அதைப் பிறகு ஒரு இழுப்பில் துடைத்துக்கொள்ளலாம். கிராஃபிக் டேப்லெட் இருப்பவர்கள் கையாலேயே ஒரே மூச்சில் இழுப்பது இன்னும் நல்லது.

சரி, கோபுர ஓரத்துக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? பட்டையின் முனை கோபுரத்தைத் தொட்டதும் விளிம்பின் ஒரு பகுதி கோபுரத்தின்மேல் விழுகிறது. அந்தப் பக்கம் விளிம்பு நிறம் 20, வானத்துப் பக்கம் 150. சொன்ன வேலையைத் தவறாமல் செய்யும் கருவி 20இலிருந்து 150 வரை சீராக நிரவுகிறது. அந்த நிரவல்தான் உங்களுக்கு ஒழுகலாகத் தெரிகிறது. பிரஷ்ஷின் அளவையோ Diffusion-ஐயோ மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கறுப்பு உள்ளே எவ்வளவு தூரம் வரும் என்பது கூடும் குறையும், வராமல் இருக்காது. இதற்கு மருந்து விளிம்பைக் கோபுரத்தின்மேல் விழவிடாமல் செய்வதுதான்.

அதற்குத்தான் குளோனை முதலில் கொண்டுவரச் சொன்னேன். கோபுரத்தின் ஓரத்திலிருந்து வானத்துக்குள் ஐம்பது, அறுபது பிக்சல் நீளத்துக்குக் கம்பியைக் குளோனால் அறுத்துவிடுங்கள். கம்பத்துப் பக்கமும் அப்படியே. இப்போது கம்பி எதையும் தொடாமல் வானத்தில் தனியாக நிற்கிறது. அதன் நாலு பக்கமும் சுத்த வானம். ஹீலிங் பட்டையை அறுத்த இடத்தில் தொடங்கி அறுத்த இடத்தில் முடித்தால் விளிம்பு முழுக்க வானத்தில்தான் இருக்கும், கறுப்பு வரும் வழியே இல்லை.

குளோன் செய்யாமலே ஒழுகலைத் தடுக்க ஒரு வழி உண்டு. கோபுரத்தின் ஓரத்தை ஒட்டி வானத்தின் பக்கம் மட்டும் ஒரு செலக்‌ஷன் போட்டுவிட்டு ஹீலிங் செய்தால், செலக்‌ஷனுக்கு வெளியே உள்ள நிறம் உள்ளே வராது. செலக்‌ஷனின் கோடு ஓரத்தைத் துல்லியமாகப் பின்பற்ற வேண்டும், அழிக்கும் பகுதியைவிடச் செலக்‌ஷன் பெரிதாக இருக்க வேண்டும். நேரான கட்டட விளிம்புக்கு இது அருமையான வழி. ஆனால் கோபுரத்தின் ஓரம் சுதைச் சிற்பங்களால் பல்லுப் பல்லாக இருக்கும். அந்த ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு வானமும் கல்லும் கலந்த நிறம் இருக்கும், செலக்‌ஷன் அதில் கொஞ்சத்தை உள்ளே எடுத்துக்கொண்டாலே போதும், சாம்பல் தீற்றல் வந்துவிடும். அதனால் கோபுரத்துக்கு எனக்குக் குளோன்தான் நம்பிக்கை.

உங்கள் படத்தையே எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். ரா கோப்பாக இருந்தால் 16 பிட்டில் திறங்கள். மேலே ஒரு காலி லேயர் போடுங்கள். இரண்டு கருவிகளிலும் Sample என்ற இடத்தில் Current & Below தேர்ந்தெடுங்கள். எல்லாம் அந்தக் காலி லேயரில்தான் விழும், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். படத்தை 100 சதவீதத்தில் வையுங்கள். திரைக்கு ஏற்றாற்போலச் சுருக்கிப் பார்த்தால் ஹேலோ தெரியாது.

குளோன் ஸ்டாம்ப், 14 பிக்சல், Hardness 60, Aligned டிக் செய்திருக்கட்டும். கோபுரத்துக்கு வலப்பக்கம், கம்பி கோபுரத்தைத் தொடும் இடத்துக்கு நேராக அதே உயரத்தில் 60 பிக்சல் தள்ளி Alt கிளிக். பிறகு கோபுரத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி வானத்தை நோக்கி இழுங்கள். Aligned இருப்பதால் பிரஷ் எவ்வளவு நகர்கிறதோ எடுக்கும் இடமும் அவ்வளவு நகரும், இரண்டுக்கும் இடையே அந்த 60 பிக்சல் அப்படியே இருக்கும். எடுக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கூட்டல் குறியின்மேல் ஒரு கண் இருக்கட்டும். அது இன்னொரு கம்பியின்மேலோ பறவையின்மேலோ ஏறினால் அதுவும் நகலாக வந்துவிடும். கோபுரத்தின் ஓரத்தில் கடைசி நாலைந்து பிக்சலுக்கு பிரஷ்ஷை 6 ஆகக் குறைத்து, Hardness-ஐ 80 ஆக்கி, ஓரத்தைத் தொடாமல் தொடுமளவுக்கு நெருங்குங்கள்.

கம்பி கோபுரத்தின் ஓரத்தையே தாண்டி முன்னால் போகிறது என்றால் ஓரத்தைத் திரும்பக் கட்டவேண்டும். அதுவும் குளோன்தான், ஹீலிங்கை நினைக்கவே வேண்டாம். ஓரத்தின் மேல் சரியாக வானமும் கல்லும் சந்திக்கும் ஒரு புள்ளியில், சற்று மேலேயோ கீழேயோ, Alt கிளிக் செய்து, கம்பி வெட்டும் இடத்தில் அதே சந்திப்புப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். கோபுரத்தில் ஒவ்வொரு தளமும் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் என்பதால், வேறு தளத்திலிருந்து எடுத்தால் சிற்பத்தின் அளவு பொருந்தாது. அதே தளத்தில் பக்கத்து இடத்திலிருந்தே எடுங்கள்.

கம்பத்துப் பக்கமும் இதே போல அறுத்தபின் ஹீலிங் பிரஷ், 22 பிக்சல், Hardness 100. கம்பிக்கு 40 பிக்சல் மேலே Alt கிளிக் செய்யுங்கள். இங்கே நிறத்துக்காக நெருங்கவில்லை, நாய்ஸுக்காக நெருங்குகிறோம். வானத்தின் மேல்பகுதி இருட்டு, அங்கே நாய்ஸ் அதிகமாகத் தெரியும். அடிவானம் வெளிச்சம், அங்கே குறைவு. வெளிச்சம் ஒத்த இடத்திலிருந்து எடுத்தால்தான் மணல் ஒரே பருமனாக இருக்கும். எடுக்கும் இடத்தில் மெல்லிய மேகக் கீற்றுகூட இருக்கக் கூடாது, அந்தக் கீற்றும் கூடவே வரும். பிறகு முன்னே சொன்னபடி துண்டு துண்டாக Shift கிளிக் செய்து மறுமுனை வரை.

முடிந்ததும் கடைசியாக, குளோனும் ஹீலிங்கும் சந்திக்கும் இரண்டு இடங்களிலும் குறுக்காக ஒரு சின்ன ஹீலிங் இழுப்பு. கோபுர ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு பிரஷ் அகலமாவது தள்ளியே அது இருக்கட்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, கம்பி இருந்த பகுதியின் நிறம் 130இலிருந்து 170க்குள் இருந்தால், கறுப்புப் புள்ளியை 120க்கும் வெள்ளைப் புள்ளியை 180க்கும் இழுத்துவிடுங்கள். 60 அளவு இடைவெளி 255 ஆக விரிகிறது, நாலு மடங்குக்கு மேல். ஒன்றரை அளவுத் தவறு ஆறுக்கு மேல் ஆகி வெளியே வந்து நிற்கும். கம்பியின் வழியில் கோடாகத் தெரிந்தால் அது குளோன் எடுத்த தூரம் அதிகம். வெளுத்த கோடு என்றால் ஹீலிங் பிரஷ் சிறிதாக இருந்திருக்கிறது. நிறம் ஒத்துப்போய் மணல் மட்டும் இல்லை என்றால் பிரஷ் மென்மையாக இருந்திருக்கிறது. எந்தத் தடயம் என்று பார்த்தாலே எந்த இடத்தில் திருத்துவது என்று தெரிந்துவிடும். இந்த லேயரைப் போட்டுக்கொண்டே திருத்தலாம். Sample மட்டும் Current & Below ஆகவே இருக்க வேண்டும். All Layers என்று இருந்தால் விரிக்கப்பட்ட கடும் நிறத்தையே கருவி எடுத்துவந்து உங்கள் லேயரில் ஒட்டிவிடும், Curves லேயரை நீக்கியதும் வானம் அலங்கோலமாகக் கிடக்கும். பார்த்து முடித்ததும் அந்த லேயரைத் தூக்கிவிடுங்கள். நாலு மடங்கில் தெரியும் ஒவ்வொரு அழுக்கையும் துரத்த வேண்டியதில்லை. கம்பியின் வழியைக் காட்டிக்கொடுக்கும் கோட்டை மட்டும் சரிசெய்தால் போதும், வானத்துக்கும் அதன் சொந்த ஏற்ற இறக்கம் உண்டு.

முழுக்கக் குளோனாலேயே செய்ய வேண்டிய படமும் இருக்கிறது. கம்பி முழு நீளத்துக்கும் ஒரு மரத்தின் கிளைகளை உரசிக்கொண்டு போனால், ஹீலிங்குக்குச் சுத்தமான விளிம்பு எங்குமே கிடைக்காது. நாலைந்து கம்பிகள் நெருக்கமாக ஓடும்போது வேறு சிக்கல். ஒரு கம்பியை ஹீலிங் செய்யும்போது பட்டையின் விளிம்பு பக்கத்துக் கம்பியின் ஹேலோவில் விழுகிறது. இடைவெளி பிரஷ்ஷைவிடக் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றாக அழிக்கப் போராடாதீர்கள். கட்டு முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரிய பிரஷ் எடுத்து ஒரே பட்டையாக ஹீலிங் செய்யுங்கள். எடுக்கும் இடத்திலும் அதே அகலத்துக்குச் சுத்த வானம் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஸ்பாட் ஹீலிங் பிரஷ் ஏன் கூடாது என்று கேட்கலாம். நடுப்பகுதிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், Alt கிளிக் வேலை மிச்சம். ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். கோபுரம் பக்கத்தில் இருக்கும் படத்தில் சில நேரம் அது சிற்பத்தின் ஒரு துண்டைக் கொண்டுவந்து வானத்தில் வைத்துவிடும். கட்டுப்பாடு கையில் இருப்பதையே நான் விரும்புவேன்.

படத்தை ஜேபெக் ஆகச் சேமிக்கும் நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஜேபெக் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நம் கணக்கில் 2400 பிக்சல் உயரத்தில் நீலம் 20 படிதான் மாறுகிறது, அதாவது ஒவ்வொரு படியும் 120 பிக்சல் அகலம். இவ்வளவு அகலமான படிகளும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு நாய்ஸ்தான் காரணம், அது படியின் எல்லையைக் கலைத்துவிடுகிறது. மென்மையான பிரஷ்ஷாலோ நாய்ஸ் ரிடக்‌ஷனாலோ அது போய்விட்டிருந்தால், 16 பிட்டில் அழகாக இருந்த வானத்தில் சேமித்த பிறகு திடீரென்று பட்டைகள் தோன்றும். அப்படித் தோன்றினால் கம்பி இருந்த இடத்தை மட்டும் குறைசொல்லித் திரும்பத் தடவ வேண்டாம். 16 பிட் கோப்புக்குத் திரும்பி, எல்லா லேயரையும் சேர்த்த ஒரு நகலில் Add Noise வடிகட்டியை ஒரு சதவீதம் அளவுக்கு, Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்தெடுத்துப் போட்டு, மாஸ்க் மூலம் வானத்துக்கு மட்டும் காட்டுங்கள். பிறகு ஜேபெக் தரத்தை 10 அல்லது அதற்கு மேல் வைத்துச் சேமித்தால் அந்த நாய்ஸ் சுருக்கத்தில் அழியாமல் நிற்கும்.